மில்லுச் சீட்டும் நூறு மில்லி நல்லெண்ணெயும்

எங்கள் மரச்செக்குக்கும் அண்ணாச்சியின் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பாளையங்கோட்டையில் ஒரு குறுக்குத் தெரு. அங்கே வத்தல் அரைத்தால் இங்கே நான் தும்முவேன். இங்கே எள் ஆட்டினால் அங்கே வரிசையில் நிற்பவர்கள், “வாசனை நல்லாருக்கே” என்பார்கள். அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அவர் வாடிக்கையாளர் அவருக்கு, என் வாடிக்கையாளர் எனக்கு.

ஒரு சனிக்கிழமை ஓர் அக்கா, கையில் தூக்குவாளியோடு கடைக்குள் எட்டிப் பார்த்தார். தூக்குவாளியில் அப்போதுதான் அரைத்த இட்லிப் பொடி, இன்னும் சூடு ஆறவில்லை. “தம்பி, இங்க எண்ணெயும் விக்கீங்களா? நான் நாலு வருஷமா இந்த மில்லுலதான் பொடி அரைக்கேன், இது ஏதோ குடோன்னு நெனச்சேன்” என்றார். நல்லெண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பஸ் ஏறிப் போய் பெரிய கடையில் வாங்குகிறாராம்.

அன்றைக்கு ராத்திரி கடை அடைக்கும்போது அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “தம்பி, எங்கிட்ட வாறவிய எல்லாம் அரை மணி நேரம் சும்மாதான நிக்காவ. நீங்கதான் ஏதாவது செய்யணும்” என்றார். அங்கேதான் தொடங்கியது. ஆனால் முதலில் செய்தது முழுக்கத் தப்பு.

எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். இரண்டு கடைப் பெயரையும் போட்டு ஒரு நோட்டீஸ்: “இதைக் கொண்டுவந்தால் இரண்டு கடையிலும் பத்து சதவீதம் தள்ளுபடி.” 2,000 நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் பையன்களிடம் கொடுத்துச் செய்தித்தாளுக்குள் வைக்கச் சொன்னோம். அச்சுக்கும் பையன்களுக்கும் சேர்த்து 2,600 ரூபாய், ஆளுக்குப் பாதி. சமமாகப் போட்டோம், சமமாகக் கொடுக்கிறோம், இதில் சண்டைக்கே இடமில்லை என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் என் கடைக்கு 63 நோட்டீஸ் திரும்பி வந்தது. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தேன். அதில் 47 பேர் ஏற்கெனவே என்னிடம் மாதாமாதம் எண்ணெய் வாங்குகிறவர்கள். நோட்டீஸ் வராவிட்டாலும் வந்திருப்பார்கள், முழு விலை கொடுத்திருப்பார்கள். அப்போது லிட்டர் 420 ரூபாய்க்கு விற்றேன். எள், கருப்பட்டி, கூலி, கரண்டு, பாட்டில் எல்லாம் கழித்து, புண்ணாக்கு விற்ற காசையும் சேர்த்துக்கொண்டால் லிட்டருக்கு எனக்கு மிஞ்சுவது 80 ரூபாய். பத்து சதவீதம் என்றால் 42 ரூபாய். அதாவது விலையில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, லாபத்தில் பாதிக்கு மேல் கொடுத்திருக்கிறேன். அதுவும் வாடிக்கைக்காரர்களுக்கு.

அண்ணாச்சி பக்கம் வேறு கதை. அவரிடம் ஒன்பது நோட்டீஸ்தான் வந்தது. ஒரு கிலோ வத்தல் அரைக்க அப்போது 30 ரூபாய் வாங்கினார். அதில் பத்து சதவீதம் மூன்று ரூபாய். மூன்று ரூபாய்க்காக நோட்டீஸைப் பத்திரப்படுத்தி மறக்காமல் கொண்டுவர யாருக்குத் தோன்றும்? ஆனால் அவருக்கு அரைக்கிற கூலியில் பெரும்பகுதி கையில் நிற்கும். கரண்டும் தேய்மானமும் போக மிச்சம் அவருடைய உழைப்புதான். அவர் பாதிக் கூலியைத் தள்ளியிருந்தால்கூடக் கைநஷ்டம் வந்திருக்காது. நான் பத்து சதவீதத்துக்கே ஆடிப்போய்விட்டேன்.

பக்கத்துக் கடையோடு சேரும்போது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. இரண்டு பேரும் ஒரே சதவீதம் கொடுத்தால் நியாயம் என்று படும். ஆனால் சரக்கு விற்கிறவனுக்கும் வேலை செய்து கொடுக்கிறவருக்கும் லாபம் இருக்கும் இடம் வேறு. நாங்கள் நோட்டீஸ் அடிக்கும் முன்பே உட்கார்ந்து, “உங்களுக்கு ஒரு கிலோ அரைத்தால் கையில் என்ன நிற்கும், எனக்கு ஒரு லிட்டருக்கு என்ன நிற்கும்” என்று பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் லாபக் கணக்கைச் சொல்வது கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலை எனக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

அந்த நோட்டீஸைக் கம்பியோடு எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: “இதுல எங்கிட்ட பொடி அரைச்சவிய எத்தன பேரு?” எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் ஊருக்கே போயிருந்தது. நாங்கள் பிடிக்க நினைத்தது அந்த அக்காவைப் போன்றவர்களை. அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கிறார்கள். எதற்குச் செய்தித்தாளுக்குள் வைத்து ஊர் சுற்ற விட்டோம்?

அவர் மில்லில் ஒரு சீட்டு வழக்கம் உண்டு. டப்பாவையோ தூக்குவாளியையோ வைத்தால், என்ன சாமான், எத்தனை கிலோ, எத்தனையாவது ஆள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரு பாதியைப் பாத்திரத்தில் ஒட்டுவார், இன்னொரு பாதியைக் கையில் கொடுப்பார். பழைய நோட்டைக் கிழித்துதான் எழுதுவார். அந்தச் சீட்டையே அச்சடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். முன்பக்கம் மில்லுக்கு வேண்டிய விவரம், வரிசை எண்ணோடு. பின்பக்கம் என் கடைப் பெயரும் ஒரே ஒரு வரியும்: “இட்லிப் பொடி அரைத்தீர்களா? இந்தச் சீட்டைக் காட்டி பக்கத்துச் செக்கில் 100 மில்லி நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள்.” இலவசம், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இட்லிப் பொடிக்கு மட்டும் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. கோதுமை அரைப்பவர்கள் வாராவாரம் வருவார்கள், அவர்களுக்குக் கொடுத்தால் வாராவாரம் எண்ணெய் கொடுக்க வேண்டும். கோதுமை மாவுக்கும் நல்லெண்ணெய்க்கும் பெரிய சம்பந்தமும் இல்லை. பொடி அரைப்பவர் வீட்டுக்குப் போனதும், மறுநாள் காலையே எண்ணெய் தேடுவார். ஒரு கிலோ பொடி அரைத்தால் ஒன்றரை மாதமாவது வரும். அதற்குள் ஒரு முறைகூட எண்ணெய் ஊற்றாமல் தின்ன முடியாது.

அளவையும் யோசித்துத்தான் வைத்தோம். முதலில் 50 மில்லி என்று நினைத்தேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் அது ஒரு வேளைக்கே காணாது. ருசி மனதில் பதிவதற்குள் பாட்டில் காலி. 200 மில்லி கொடுத்தால் இரண்டு வாரம் ஓடும், அதற்குள் என் கடை மறந்துபோகும். நூறு மில்லி என்றால் இரண்டு மூன்று காலை உணவு. எண்ணெய் தீர்ந்த பிறகும் டப்பாவில் பொடி முக்கால்வாசி இருக்கும், ஒவ்வொரு தடவை டப்பாவைத் திறக்கும்போதும் அந்த எண்ணெய் ஞாபகம் வரும். இதைக் கண்டுபிடித்தது நானில்லை, என் வீட்டுக்காரி. “கொடுக்கிறது தீரணும், கூட இருக்கிறது தீரக் கூடாது” என்றாள்.

நூறு மில்லிக்கு எனக்கு அடக்கம் 34 ரூபாய், சின்ன பாட்டிலும் லேபிளும் ஏழு ரூபாய், ஆக 41 ரூபாய். முன்பு கொடுத்த 42 ரூபாய்த் தள்ளுபடிக்கு ஏறக்குறைய சமம்தான். ஆனால் இந்த 41 ரூபாய் இட்லிப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்குப் போகிறது.

சில பேர் டம்ளரை நீட்டி, “இதுல ஊத்திக் குடுங்க, பாட்டில் காசு மிச்சம்” என்பார்கள். செய்யவில்லை. சமையல் எண்ணெயைத் திறந்தபடி அளந்து ஊற்றி விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இலவசமாகக் கொடுத்தாலும் கெட்ட பெயர் ஒன்றுதான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், அடைத்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் உள்ள அதே லேபிளைச் சின்ன பாட்டிலிலும் ஒட்டினேன். இன்னொரு லாபமும் உண்டு. டம்ளரில் வாங்கிப் போனால் எந்தக் கடை என்று வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. பாட்டில் என்றால் அடுப்பு மேடையில் என் பெயர் நிற்கும்.

முதல் பத்து நாளில் ஒரு சறுக்கல். கூட்டம் அதிகமானதால், தெளியாத எண்ணெயைச் சின்ன பாட்டிலில் அடைத்துவிட்டேன். செக்கில் ஆட்டிய எண்ணெய் உடனே பளிச்சென்று இருக்காது. மூன்று நாலு நாள் வெயிலில் வைத்துக் கசடு அடியில் தங்கிய பிறகுதான் மேலாக எடுக்க வேண்டும். வாடிக்கைக்காரர்களுக்கு இது தெரியும், லேசாக மங்கலாக இருந்தால் இரண்டு நாள் வைத்துவிட்டு ஊற்றுவார்கள். முதல் தடவை பார்க்கிறவருக்கு அது கலப்படம் மாதிரிதான் தெரியும். ஒருவர் அண்ணாச்சியிடமே போய், “உங்க பக்கத்துக் கடை எண்ணெய் கலங்கலா இருக்கே” என்று சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் வந்து சொன்னபோது குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவர் சீட்டை நம்பித்தானே அவர்கள் வந்தார்கள்? அதன் பிறகு சின்ன பாட்டிலுக்கு என்று ஒரு டின் தனியாக வைத்தேன். ஒரு வாரம் தெளியாமல் அதைத் தொடுவதில்லை. இனாமாகக் கொடுப்பதில்தான் நல்ல சரக்கு இருக்க வேண்டும், இதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

இடையில் அண்ணாச்சியின் மகன் ஒரு யோசனை சொன்னான். என் கடைக்கு வரும் ஒவ்வொரு சீட்டுக்கும் பத்து ரூபாய் மில்லுக்குக் கொடுக்கலாம் என்று. எனக்கும் சரியாகப் பட்டது, கொடுத்தேன். இரண்டே வாரத்தில் சீட்டு குவிந்தது. பார்த்தால் மில்லில் வேலை செய்யும் பையன் கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் “இட்லிப் பொடி” என்று எழுதி எல்லார் கையிலும் திணிக்கிறான். அவன் மேல் தப்பில்லை, எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கைதான் வரும். கமிஷனை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று பேசிக்கொண்டோம்: அவரவர் கொடுப்பது அவரவர் கணக்கு. யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் சீட்டுகளை எண்ணி, இரண்டு பேரும் ஒரே நோட்டில் எழுதுவோம். இந்த நோட்டு பின்னால் ரொம்ப உதவியது.

இதுவரை சொன்னதெல்லாம் அவர் வாடிக்கையாளர் என்னிடம் வந்த கதை. அந்தப் பக்கம் என்ன போனது? முதல் இரண்டு மாதம் ஒன்றும் போகவில்லை. நோட்டைப் பார்த்தால் என் பத்தியில் எண், அவர் பத்தியில் கோடு. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சீட்டில் பின்பக்கத்தைக் காட்டிச் சொல்வது குறைந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஒருதலைப்பட்சமாகப் போகிறது என்பதற்கு இதுதான் முதல் அடையாளம். வாயால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், உற்சாகம் மட்டும் குறையும்.

தீபாவளி வந்தது. கைம்மாறு செய்ய இதுதான் நேரம் என்று நான் துள்ளினேன். முறுக்கு சுட கடலை எண்ணெய் வாங்க என்னிடம் கூட்டம் வரும், அவர்களுக்குப் பச்சரிசி மாவும் வேண்டும். “இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினால் இரண்டு கிலோ அரிசி மாவு இலவசமாக அரைத்துத் தரப்படும்” என்று போர்டு வைத்தேன். அண்ணாச்சியும் சரி என்றார். அந்த வாரம் அவர் மில்லில் வரிசை தெருமுனை வரை நின்றது. அதில் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர். காசு கொடுத்து அரைக்க வந்த பழைய வாடிக்கைக்காரர்கள் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். சில பேர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு மில்லுக்குப் போய்விட்டார்கள். “தம்பி, நீங்க ஆள அனுப்புனிய, ஆனா எனக்கு ஆள் வேண்டாத நாளா பாத்து அனுப்பிட்டிய” என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது.

தீபாவளி முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து அவருடைய வருஷத்தைப் பேசினோம். பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வீடு வத்தலும் மல்லியும் காயப்போட்டு வருஷத்துக்கு அரைப்பார்கள், அப்போது அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளிக்கு முந்தின வாரமும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழி மழையில் எதையும் காயவைக்க முடியாது, மில் தூங்கும். வாரத்தில் பார்த்தால் சனி, ஞாயிறு நெருக்கடி, செவ்வாய் முதல் வியாழன் வரை பதினோரு மணிக்கு மேல் மிஷின் சும்மா நிற்கும். அவருக்கு வேண்டியது கூட்டம் இல்லை, அந்த வெற்று நேரத்துக்கு வேலை.

என் வாடிக்கையாளரில் அந்த நேரத்துக்குப் பொருந்துகிறவர் யார்? செக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்களில் சின்னக் குழந்தை இருக்கிற வீடுகள் நிறைய. அவர்கள் சத்துமாவை டப்பாவில் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தானியத்தை வாங்கி, வறுத்து, அரைக்க மில்லுக்குப் போகத் தயக்கம். ஏனென்றால் வத்தல் அரைத்த மிஷினில் குழந்தைக்கு எப்படி அரைப்பது என்ற பயம். நியாயமான பயம்தான். அண்ணாச்சியிடம் இரண்டு மிஷின் உண்டு. ஒன்று வத்தலுக்கும் மல்லிக்கும், மற்றது மாவுக்கு. ஆனால் வாடிக்கையாளருக்கு அது தெரியாது, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தூசி.

ஆகவே புதன்கிழமையைச் சத்துமாவு நாள் என்று வைத்தோம். அன்று காலையில் மாவு மிஷினைக் கழற்றித் துடைத்து, முதலில் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டி அந்த மாவை ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு மதியம் வரை சத்துமாவு மட்டும். என்னிடம் மாதம் இரண்டு லிட்டருக்கு மேல் வாங்கும் வீடுகளுக்கு, முதல் தடவை இரண்டு கிலோ வரை அரைக்கிற கூலி இல்லை. அண்ணாச்சிக்கு இதில் செலவு கரண்டும் அந்த ஒரு படி அரிசியும்தான், மிஷின் எப்படியும் சும்மா நின்ற நேரம். சீட்டில் நானே கையால் “புதன், 11 மணிக்கு மேல்” என்று எழுதி, வட்டம் போட்டுக் கொடுப்பேன். அரைத்த மாவு சூடாக வரும், அப்படியே மூடினால் வியர்த்துக் கட்டியாகிவிடும், பேப்பரில் பரப்பி ஆறவைத்துத்தான் டப்பாவில் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். மில்லுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. மாவு கெட்டால் திட்டு மில்லுக்குத்தான் விழும்.

முதல் புதன் மூன்று பேர் போனார்கள். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு, பதினைந்து என்று நின்றது. முக்கியமாக, கூலி இல்லாமல் ஒரு முறை அரைத்தவர்களில் பாதிப் பேராவது மறுமாதம் காசு கொடுத்து அரைக்க வந்தார்கள். நோட்டில் அவர் பத்தியிலும் எண் விழத் தொடங்கியதும், சீட்டின் பின்பக்கம் மறுபடியும் எல்லார் கண்ணிலும் பட ஆரம்பித்தது.

இது நன்றாகப் போகிறது என்று நினைத்த நேரத்தில் ஒரு தாய், ஒரு வியாழக்கிழமை, டப்பாவோடு என் கடைக்கு வந்தார். திறந்து முகரச் சொன்னார். மல்லி வாசனை. புதன்கிழமை வர முடியாமல் மறுநாள் வந்திருக்கிறார். மாவு மிஷினில் பெல்ட் கோளாறு, அண்ணாச்சி வெளியே போயிருந்தார், பையன் அடுத்த மிஷினில் போட்டுவிட்டான். எட்டு மாதக் குழந்தைக்கான மாவு. அந்தம்மா மில்லில் ஒன்றும் கேட்கவில்லை, நேரே என்னிடம் வந்தார். “நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன்” என்றார்.

அந்த வார்த்தைக்குப் பதில் இல்லை. என் மிஷின் இல்லை, என் ஆள் இல்லை, ஆனால் சீட்டு என் கையால் போனது. சாமானுக்கு என்ன செலவானது என்று கேட்டு 380 ரூபாயை அப்போதே கொடுத்தேன், அண்ணாச்சி வரும்வரை காத்திருக்கவில்லை. சாயங்காலம் அவரிடம் சொன்னதும் பாதியை எடுத்து நீட்டினார், பையனையும் திட்டவில்லை. அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதினோம். யார் வாடிக்கையாளராக இருந்தாலும் புகார் வந்த கடை உடனே தீர்த்துவைக்கும், செலவில் பாதி மற்றவர் தருவார். சத்துமாவு புதன் தவிர வேறு நாளில் கிடையாது, மிஷின் கெட்டால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். யாருக்கு வேண்டாம் என்று பட்டாலும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஒப்பந்தம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்தம்மாவின் டப்பாவை முகர்ந்துகொண்டு முழித்திருக்க மாட்டேன்.

போன் நம்பர் விஷயமும் ஒன்று உண்டு. மாவு ரெடியானதும் சொல்வதற்காக மில்லில் நம்பர் வாங்கி வைப்பார்கள், அறுநூறு எழுநூறு இருக்கும். அதை அப்படியே எனக்குத் தருவதாகவும், என்னுடையதைத் தனக்குத் தரச் சொல்லியும் அண்ணாச்சி மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். மாவுக்குக் கொடுத்த நம்பருக்கு எண்ணெய்க்காரனிடமிருந்து செய்தி வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும், நாலு பேர் புகார் தட்டினால் வாட்ஸ்அப் கணக்கே முடங்கலாம். அதோடு, பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேரைத்தான் சேர்க்கலாம், அதிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். மில் நம்பரைச் சேமித்தவர்கள் என் நம்பரை எங்கே சேமித்திருக்கப் போகிறார்கள்? அதனால் நம்பர் கைமாறாமல் செய்தி மட்டும் கைமாறியது. எள் புதிதாக ஆட்டிய அன்று அவர் தன் லிஸ்டுக்குத் தன் பெயரில் ஒரு வரி போடுவார். புதன்கிழமைக்கு முந்தின நாள் நான் என் லிஸ்டுக்குச் சத்துமாவு பற்றிப் போடுவேன். மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கிடையாது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்பவர்கள் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். கமிஷனை நிறுத்திய பிறகு முதல் மூன்று மாதத்தில் 140 சின்ன பாட்டில் கொடுத்தேன், செலவு 5,740 ரூபாய். வாங்கியவர்களில் 96 பேர் என் கடைக்குள் முதல் தடவையாக வந்தவர்கள். அவர்களில் 31 வீடுகள் பிறகு காசு கொடுத்து ஒரு லிட்டராவது வாங்கின. முதல் லிட்டரில் எனக்கு மிஞ்சியது 2,480 ரூபாய்தான். அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் நஷ்டம். என் வீட்டுக்காரியும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் எண்ணெய் தீரும் சாமான். அந்த 31 வீடுகளும் மூன்றாவது பாட்டில் வாங்கும்போதுதான் 7,440 ரூபாய் ஆகி, போட்டது திரும்பும். எனக்கு ஐந்தாவது மாதம் அந்தக் கோட்டைத் தாண்டியது. மறுபடி மறுபடி வாங்காத சரக்கு விற்கிறவர்கள், உதாரணமாகப் பாத்திரக் கடைக்காரர், இந்த முறையை அப்படியே எடுத்தால் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

96 பேரில் 65 பேர் திரும்பி வரவில்லையே என்று ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது. சில பேரைத் தெருவில் பார்த்துக் கேட்டேன். விலை கூடுதல் என்றார்கள். ஒருவர், வாசனை தூக்கலாக இருக்கிறது, பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்றார். அவர்களுக்காக விலையைக் குறைக்கவும் முடியாது, வாசனையைக் குறைக்கவும் முடியாது. விட்டுவிட்டேன்.

இப்போது எதிர்ச்சாரியில் இட்லி மாவு ஆட்டி விற்கிற ஒருவர், தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். மாவுப் பாக்கெட்டோடு ஒரு சீட்டு கொடுப்பாராம். இட்லி, பொடி, எண்ணெய், கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் ஆட்டிய மாவு வாங்குகிறவர் மில்லில் என்ன அரைப்பார், அவருடைய வெற்று நேரம் எது, மாவு புளித்துப்போய் யாராவது என் கடை வாசலில் வந்து நின்றால் பாதிச் செலவை யார் தருவது? அண்ணாச்சியிடம் சொன்னேன். “நோட்டுல எடம் இருக்கு தம்பி. மொதல்ல அவரு ஒரு பாக்கெட்டுல என்ன நிக்கிதுன்னு சொல்லட்டும், பொறவு பேசுவோம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம்.